நுண்ணோக்கியில் எண்ணெய் அமிழ்வு லென்சு: கண்டென்சர் அமைப்பும் லென்சுப் பராமரிப்பும்

எண்ணெய் அமிழ்வு லென்சு என்பது ஒளி நுண்ணோக்கியின் பொருளருகு லென்சுகளுள் ஒன்றாகும். கல்லூரிகளிலும் மருத்துவ ஆய்வகங்களிலும் உள்ள பெரும்பாலான நுண்ணோக்கிகளில் 100 மடங்கு பெரிதாக்கும் லென்சு இவ்வகையைச் சேர்ந்தது. லென்சின் முனைக்கும் ஸ்லைடுக்கும் இடையில் காற்றுக்குப் பதிலாக ஒரு துளி எண்ணெய் இருக்கும் நிலையிலேயே இது சரியாக இயங்கும். லென்சின் உடலைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் எண்ணெய் லென்சுக்கான அடையாளம். 100 மடங்கைக் குறிக்க வெள்ளை வளையமும் இருக்கும்.

எண்ணெய் விட வேண்டும் என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும். மேடைக்குக் கீழே இருக்கும் கண்டென்சரையும் அதற்கேற்பத் திறந்து உயர்த்த வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்டென்சர் சரியில்லாவிட்டால் 100 மடங்கு லென்சு படத்தைப் பெரிதாக்குமே தவிர, நுண்மையான விவரத்தைக் காட்டாது. மலேரியாவுக்காக எடுத்த இரத்தத் தடவலைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. ஆகவே அந்தத் தடவலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணெய் ஏன் தேவை

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, காற்றின் ஒளிவிலகல் எண் 1. கண்ணாடியிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கதிர் செங்குத்துக் கோட்டிலிருந்து விலகி வளைகிறது. சாய்வு ஏறக்குறைய 41 பாகையைத் தாண்டினால் கதிர் வெளியே வராமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து கண்ணாடிக்குள்ளேயே திரும்பிவிடும். பள்ளி இயற்பியலில் வரும் மாறுநிலைக் கோணம் இதுவே. நுண்மையான விவரங்களை எடுத்துவருபவை மிகவும் சாய்ந்து செல்லும் கதிர்கள்தாம். காற்று இடையில் இருந்தால் அவையே முதலில் இழக்கப்படுகின்றன.

அமிழ்வு எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515. கண்ணாடியும் எண்ணெயும் லென்சின் முகப்பும் ஏறத்தாழ ஒரே ஊடகம் போலாகிவிடுவதால், சாய்ந்த கதிர்கள் வளையாமல் நேரே லென்சுக்குள் நுழைகின்றன. லென்சு எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை ஏற்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை நியூமரிக்கல் அப்பெர்ச்சர் என்பர், சுருக்கமாக என்.ஏ. காற்றில் இயங்கும் லென்சுக்கு இது 0.95 அளவைத் தாண்டுவதில்லை. எண்ணெய் லென்சுகளில் 1.25 அல்லது 1.30 என்று பொறிக்கப்பட்டிருக்கும். "100/1.25" என்று லென்சின் மீது காணப்படும் எழுத்தில் முதலாவது பெருக்கம், இரண்டாவது என்.ஏ. லென்சு எவ்வளவு நுண்மையாகக் காட்டும் என்பதை முடிவு செய்வது இரண்டாவது எண்ணே.

ஜெர்மனியில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இந்தக் கணக்கை வகுத்தவர். எண்ணெய் அமிழ்வு லென்சை அவர் 1878-இல் உருவாக்கினார். அதற்கு முன்பே மேடைக்குக் கீழ் வைக்கும் கண்டென்சரையும் அவர் அமைத்திருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி நோய்க் கிருமிகளைக் கண்டவர் ராபர்ட் கோக். சாயமேற்றிய திசுவைப் பார்க்கையில் கண்டென்சரை முழுவதும் திறந்தால், சாயமில்லாத திசுவின் விளிம்புகளும் நிழல்களும் மறைந்துவிடுகின்றன. சாயம் பிடித்த கிருமிகள் மட்டும் நிறத்தோடு தெரிகின்றன. இதைக் கோக் கவனித்தார். ஒன்று அமைப்பைக் காட்டும் படம், மற்றொன்று நிறத்தைக் காட்டும் படம் என்று அவர் பிரித்துப் பேசினார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சாயமேற்றிய ஸ்லைடுக்குப் பொருந்தும் விதி இதுதான்.

கண்டென்சரின் பங்கு

கண்டென்சர் என்பது விளக்கின் ஒளியை ஒரு கூம்பாகக் குவித்து ஸ்லைடின் மீது செலுத்தும் லென்சுத் தொகுதி. அதனடியில் ஐரிஸ் திரை இருக்கும். ஒரு சிறு நெம்புகோலை நகர்த்தினால் இத்திரை விரிந்து சுருங்கும். திரையைச் சுருக்கினால் கூம்பு ஒடுங்கும், விரித்தால் அகலும். வெளிச்சம் குறைவதும் கூடுவதும் இதன் பக்கவிளைவே. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் கண் கூசும்போது ஐரிஸ் திரையை மூடுகிறார்கள் அல்லது கண்டென்சரைக் கீழே இறக்குகிறார்கள். வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் ஒளி கட்டுப்பாட்டுத் திருகு இருக்கிறது. ஐரிஸ் திரை அதற்கானதன்று.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. பள்ளியில் முதன்முதலாகப் பார்ப்பது வெங்காயத் தோல் அல்லது குளத்து நீர். அவற்றில் நிறம் குறைவு. 10 மடங்கு லென்சில் ஐரிஸ் திரையைச் சுருக்கினால்தான் செல்லின் விளிம்பு கண்ணுக்குப் புலப்படும். அங்கே அது சரியான செயல். அதே அமைப்போடு 100 மடங்குக்குச் செல்லும்போதுதான் தவறாகிறது.

எவ்வளவு இழக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய மிகக் குறைந்த தொலைவு d எனில்:

```
d = 1.22 × λ / (NA_objective + NA_condenser)
```

பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். லென்சு 1.25, கண்டென்சரும் 1.25 எனில் d ஏறத்தாழ 0.27 மைக்ரோமீட்டர். ஐரிஸ் திரையை நன்றாகச் சுருக்கிக் கண்டென்சரை 0.3 அளவுக்குக் கொண்டுவந்தால் d 0.43 ஆகிவிடும். என்.ஏ. 0.65 உள்ள சாதாரண 40 மடங்கு லென்சு, கண்டென்சர் சரியாக இருந்தால், 0.52 வரை காட்டும். அதாவது திரையை மூடி வைத்துக்கொண்டு 100 மடங்கில் பார்ப்பவர், எண்ணெய் விட்டுப் பெற்ற ஆதாயத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுத்துவிடுகிறார்.

கண்டென்சரின் மீது 1.25 என்று எழுதியிருந்தாலும், அதற்கும் ஸ்லைடின் அடிப்பக்கத்துக்கும் இடையில் காற்று இருக்கும்வரை அது 0.9 முதல் 0.95 வரையே தரும். முழு 1.25 வேண்டுமானால் கண்டென்சரின் மேல்முகத்திலும் ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். நுண்ணுயிரியல் ஆராய்ச்சியில் அப்படிச் செய்வதுண்டு. அன்றாட ஆய்வகத்தில் எவரும் செய்வதில்லை. செய்யத் தேவையும் இல்லை. 0.9 என்று வைத்துக் கணக்கிட்டால் d 0.31 தான், இழப்பு சிறிது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கண்டென்சரைத் துடைக்கும் வேலை மிச்சம்.

இதிலிருந்து ஓர் எளிய நடைமுறை கிடைக்கிறது. லென்சின் துளையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை ஒளி நிரப்பினால் விவரமும் தெளிவும் சமநிலையில் இருக்கும் என்பது பொதுவிதி. எண்ணெய் விடாத கண்டென்சர் முழுவதும் திறந்திருக்கும்போதே 1.25 லென்சின் துளையில் நான்கில் மூன்று பங்கைத்தான் நிரப்ப முடியும். ஆகவே எண்ணெய் லென்சுக்கு ஐரிஸ் திரையை முழுவதும் திறந்து விட்டால் போதும். அளந்து பார்க்க வேண்டியதில்லை.

கண்டென்சரைச் சரிசெய்யும் முறை

முதலில் 10 மடங்கு லென்சில் ஸ்லைடைத் தெளிவாகக் காண வேண்டும். அடித்தளத்தில் விளக்கின் மேல் இன்னொரு திரை உள்ள நுண்ணோக்கியானால் வேலை எளிது. அத்திரையைச் சிறிதாக மூடினால் பார்வைப்புலத்தின் நடுவே ஓர் ஒளிவட்டம் தெரியும். கண்டென்சரை மெல்ல ஏற்றி இறக்கினால் ஓர் உயரத்தில் அவ்வட்டத்தின் விளிம்பு கூர்மையாகும். அதுவே சரியான உயரம். வட்டம் ஓரமாக இருந்தால் கண்டென்சரின் பக்கத்திலுள்ள இரண்டு திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு விளிம்பு பார்வைப்புலத்தைச் சற்றே தாண்டும்வரை விளக்கின் திரையைத் திறக்க வேண்டும். ஆகஸ்ட் கோலர் 1893-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் அவர் பெயரால் கோலர் ஒளியூட்டல் எனப்படுகிறது.

மாணவர்களுக்கான எளிய நுண்ணோக்கிகளில் விளக்குத் திரை இருப்பதில்லை. அவற்றில் விளக்கை மூடியிருக்கும் கண்ணாடியின் மேல் ஒரு பென்சிலின் கூர்முனையைப் படுக்க வைக்கலாம். ஸ்லைடு தெளிவாக இருக்கும் நிலையிலேயே, பென்சில் முனையின் நிழலும் கூர்மையாகத் தெரியும்வரை கண்டென்சரை நகர்த்த வேண்டும். பெரும்பாலும் அது கண்டென்சர் மேலெல்லையை அடைவதற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பு அமையும். பென்சிலை எடுத்துவிட்டுத் தொடரலாம். கண்டென்சர் மேலே போக மறுத்தால் அதைத் தடுக்கும் சிறு திருகு தளர்ந்து இடம் மாறியிருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை.

இன்னும் சில இடங்களில் விளக்குக்குப் பதிலாக ஆடி வைத்த பழைய நுண்ணோக்கிகள் உள்ளன. கண்டென்சர் இருக்கும்போது ஆடியின் சமதளப் பக்கத்தையே பயன்படுத்த வேண்டும். குழியாடிப் பக்கம் கண்டென்சர் இல்லாதபோது மட்டும் பயன்படுவது. இரண்டையும் சேர்த்தால் ஒளி தவறான இடத்தில் குவியும்.

ஒரு மலேரியாத் தடவலைப் பார்த்தல்

லீஷ்மன் அல்லது கீம்சா சாயமேற்றிய மென் தடவல் ஒன்று கையில் இருப்பதாகக் கொள்வோம். சாயம் பிடித்து நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெயோடு கலந்து படம் பால்போல் மங்கும். தடவல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்லைடைத் தலைகீழாக வைத்தால் 10 மடங்கில் படம் தெரியும். 100 மடங்கில் என்ன செய்தாலும் தெரியாது. ஏனெனில் ஸ்லைடின் தடிமன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். எண்ணெய் லென்சு தெளிவாகக் காணும்போது அதற்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியோ 0.2 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. தெளிவைத் தேடித் திருகைத் திருப்பிக்கொண்டே போகும் மாணவர் ஸ்லைடை உடைப்பது பெரும்பாலும் இவ்வாறுதான்.

10 மடங்கு லென்சில் தடவலின் வால் பகுதிக்குச் செல்ல வேண்டும். சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரவியுள்ள இடமே வேண்டும். அடுத்து 40 மடங்கு லென்சுக்கு மாற்றினால் படம் சற்று மூடுபனி படிந்ததுபோல் இருக்கலாம். லென்சு அழுக்காகிவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. 40 மடங்கு லென்சு 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் கிளாஸ் இருப்பதாகக் கருதிச் செய்யப்பட்டது. இரத்தத் தடவலில் கவர் கிளாஸ் இல்லை. எண்ணெய் லென்சுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. எண்ணெயே கண்ணாடியின் வேலையைச் செய்துவிடும்.

இப்போது லென்சுகளைத் தாங்கும் சுழல் பகுதியைப் பாதி தூரம் சுழற்றி, 40-க்கும் 100-க்கும் நடுவே நிறுத்த வேண்டும். ஸ்லைடில் ஒளி விழும் இடத்தில் ஒரு சிறு துளி எண்ணெய் போதும். புட்டியிலிருந்து கண்ணாடிக் குச்சியால் எடுப்பவர்கள் குச்சியைத் தடவலில் தொடாமல் துளியை விழவிட வேண்டும். இல்லையேல் ஒரு ஸ்லைடின் அணுக்கள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்ச்சேரும். நோயில்லாதவர் ஸ்லைடில் ஒட்டுண்ணி தென்பட இதுவும் ஒரு காரணமாகலாம். பிறகு பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே 100 மடங்கு லென்சைச் சுழற்றி இடத்தில் பொருத்த வேண்டும். லென்சு எண்ணெயைத் தொடும் கணத்தில் துளியில் ஒரு பளிச்சென்ற ஒளி தெரியும். இதற்குப் பின் பெரிய திருகைத் தொடக்கூடாது. நுண் திருகை அரைச்சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால் படம் வந்துவிடும்.

லென்சுகள் ஒன்றுக்கொன்று ஒத்த உயரத்தில் இல்லாத பழைய கருவிகளில் முறை சற்று வேறு. பக்கவாட்டில் பார்த்தபடி லென்சை எண்ணெயில் அமிழ்த்தி ஸ்லைடைக் கிட்டத்தட்டத் தொடும்வரை கொண்டுசெல்ல வேண்டும். பிறகுதான் கண்ணருகு லென்சில் கண் வைத்து, ஸ்லைடும் லென்சும் விலகும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும்.

படம் வந்தபின் ஐரிஸ் திரையை முழுவதும் திறந்து, வெளிச்சம் கூடுதலாக இருந்தால் விளக்கைக் குறைக்க வேண்டும். ஒருமுறை வேண்டுமென்றே திரையை மூடியும் திறந்தும் பார்ப்பது நல்ல பயிற்சி. மூடியிருக்கையில் சிவப்பணுக்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். சாயத் துகள்கள், சிவப்பணுவின் மேல் படிந்த தட்டணுக்கள், உலரும்போது ஏற்பட்ட சிறு குழிகள் எல்லாமே ஒரே மாதிரிக் கறுத்த விளிம்போடு மின்னும். எது ஒட்டுண்ணி, எது குப்பை என்று சொல்வது கடினம். திறந்ததும் கறுப்பு விளிம்புகள் கரைந்து நிறங்கள் மேலெழும். ஒட்டுண்ணியின் உட்கருப் புள்ளி சிவப்பாகவோ ஊதாச் சிவப்பாகவோ, அதைச் சுற்றிய செல்பகுதி வெளிர்நீலமாகவோ நிலைத்து நிற்கும்.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் இளம் மோதிர வடிவம் சிவப்பணுவின் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். சிவப்பணு 7.5 மைக்ரோமீட்டர் எனில் மோதிரம் 1.5 மைக்ரோமீட்டர். அதன் நீல வளையம் நூலிழை போன்றது. ஒரே மோதிரத்தில் இரண்டு உட்கருப் புள்ளிகள் அருகருகே இருப்பது இவ்வகையில் அடிக்கடி காணப்படும். d 0.3 மைக்ரோமீட்டராக இருக்கும்போது பிரிந்து தெரியும் அவ்விரு புள்ளிகள், 0.43-இல் ஒரே புள்ளியாகக் கலந்துவிடக்கூடும். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் தெரியும் ஷூஃப்னர் புள்ளிகள் மிக நுண்ணிய இளஞ்சிவப்புப் பொட்டுகள். அவையும் திரை மூடியிருந்தால் எளிதில் தவறிப்போகும். இரண்டு வகைக்கும் மருந்து முறை வேறு. ஃபால்சிபாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே இது படத்தின் அழகு பற்றிய பேச்சன்று.

ஐயம் தீராத பொருளைப் பார்க்கும்போது நுண் திருகை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயத் துகள் சிவப்பணுவின் மேல் கிடப்பதால் அணு தெளிவாகும்போது அது மங்கும். அது தெளிவாகும்போது அணு மங்கும். உலர்ந்த குழி ஒளிர்ந்து இருண்டு மாறும், நிறம் இருக்காது. அணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி அணுவோடு சேர்ந்தே தெளிவாகும். தடித்த தடவலில் ஒட்டுண்ணி இல்லை என்று முடிவு சொல்லுமுன் எண்ணெய் லென்சில் குறைந்தது 100 பார்வைப்புலங்களைப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அத்தனை புலங்களையும் தவறான ஒளியில் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதுவது கணக்குக்குத்தான் உதவும்.

படம் சரியில்லாதபோது

முழுப் படமும் மங்கலாக, ஒளி அலைவதுபோல் இருந்தால் எண்ணெயில் காற்றுக்குமிழி இருக்கலாம். கண்ணருகு லென்சை வெளியே எடுத்துவிட்டுக் குழாய்க்குள் நேரே பார்த்தால் லென்சின் பின்துளை ஓர் ஒளிவட்டமாகத் தெரியும். குமிழி இருந்தால் அவ்வட்டத்துக்குள் கறுத்த விளிம்புள்ள சிறு வட்டமாகக் காணலாம். லென்சை இலேசாக இருபுறமும் அசைத்தால் சில சமயம் குமிழி நகர்ந்துவிடும். இல்லையெனில் எண்ணெயைத் துடைத்துப் புதிதாக விட வேண்டும். ஐரிஸ் திரை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் இதே காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

கறுப்புப் புள்ளி ஒன்று நின்றுகொண்டே இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. கண்ணருகு லென்சைச் சுழற்றும்போது புள்ளியும் சுழன்றால் அழுக்கு அங்கே. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். கண்டென்சரைச் சிறிது இறக்கும்போது மங்கினால் கண்டென்சரிலோ விளக்குக் கண்ணாடியிலோ. பொருளருகு லென்சின் அழுக்கு புள்ளியாகத் தெரிவதில்லை. படம் முழுவதையும் மங்கச் செய்யும். 100 மடங்கில் தெளிவாகவும் 40 மடங்கில் எல்லா ஸ்லைடுகளிலும் மங்கலாகவும் இருந்தால், 40 மடங்கு லென்சு எண்ணெயில் தோய்ந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் விட்ட பிறகு ஏதோ ஒன்றைத் திரும்பப் பார்க்க 40 மடங்கைச் சுழற்றியிருப்பார்கள். எண்ணெய் விட்டபின் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. 10 மடங்கு லென்சு உயரத்தில் நிற்பதால் வேண்டுமானால் அதற்குப் போகலாம்.

எண்ணெயின் தேர்வு

முற்காலத்தில் தேவதாரு வகை மரத்தின் எண்ணெய் பயன்பட்டது. நல்ல ஒளிவிலகல் எண் கொண்டதாயினும் அது காற்றில் இறுகிப் பிசினாகும். ஓர் இரவு விட்டால் லென்சில் அரக்குப்போல் ஒட்டிக்கொள்ளும். இன்று விற்கப்படும் செயற்கை எண்ணெய்கள் இறுகுவதில்லை. ஒரு நிறுவனத்தின் எண்ணெயோடு இன்னொன்றைக் கலக்கக்கூடாது. கலந்தால் சில வேளை கலங்கிவிடும்.

எண்ணெய் தீர்ந்துபோனால் திரவப் பாரஃபின், கிளிசரின், விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றை விடும் வழக்கமும் உண்டு. முதல் மூன்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47 முதல் 1.48 வரை, தேங்காயெண்ணெய் 1.45 அளவு. காற்றைவிட நிச்சயமாக மேல். வகுப்பில் தயிரிலுள்ள பாக்டீரியாவைக் காட்ட இவை போதும். நோயறியும் வேலைக்கு 1.515 எண்ணெயையே பயன்படுத்த வேண்டும்.

லென்சைத் துடைத்தல்

அன்றைய வேலை முடிந்ததும் எண்ணெயை அகற்ற வேண்டும். இடையிடையே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் துடைப்பது தேவையில்லை. துடைக்கத் துடைக்கக் கீறல் விழும் வாய்ப்பே கூடும். மேடையை இறக்கி, லென்சுத் தாளை மடித்து லென்சின் முனையில் ஒற்றி எடுத்தால் பெரும்பகுதி எண்ணெய் தாளில் ஊறிவிடும். பிறகு தாளின் புதிய பகுதியை முனையின் மீது அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இன்னும் இருந்தால் வேறொரு தாளில் ஒரு துளி ஐசோபுரோப்பைல் ஆல்ககாலோ பெட்ரோலியம் ஈதரோ நனைத்து ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த தாளால் மீண்டும் துடைக்கலாம். எந்தக் கரைப்பான் பொருந்தும் என்பதை லென்சின் கையேடு சொல்லும். சொன்னால் அதுவே முடிவு.

சைலீன் பல ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுகிறது. எண்ணெயை நன்றாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிகமாகப் பட்டால் லென்சுகளை ஒட்டியுள்ள பசையையும், குறிப்பாகப் பழைய லென்சுகளில், கரைக்கும். ஆவியும் உடலுக்கு ஆகாது. இறுகிப்போன தேவதாரு எண்ணெய்க்கு மட்டும், தாளில் ஓரிரு துளி என்ற அளவில், கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். அசிட்டோனை அருகில் கொண்டுவரவே கூடாது. வண்ணப்பூச்சையும் பிளாஸ்டிக் பாகங்களையும் அது கெடுக்கும். லென்சைக் கரைப்பானில் ஊறவைப்பதும் கூடாது. வேட்டி நுனி, கைக்குட்டை, சாதாரணக் காகிதம் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் நுண்மணல் கண்ணாடியைக் கீறும்.

சுத்தமாயிற்றா என்று பார்க்க எளிய வழி உண்டு. கண்ணருகு லென்சைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல உருப்பெருக்கியாகிவிடும். அதன் வழியே 100 மடங்கு லென்சின் முனையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய்ப் படலமும் கீறலும் தெளிவாகத் தெரியும். முனையைச் சுற்றிய உலோக விளிம்பில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கு நாள்பட்ட எண்ணெய் மெல்ல உள்ளே கசிந்தால் லென்சுக்குள் மங்கல் படியும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. அப்படிப்பட்ட லென்சைப் பிரித்துப் பார்க்க முயன்றால் உள்ளிருக்கும் சிறு லென்சுகளின் இடைவெளி மாறி முற்றிலும் பயனற்றுப்போகும். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே வழி.

தூசி மட்டும் இருந்தால் ரப்பர்க் குமிழால் காற்றடித்தால் போதும். தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே கீறும்.

ஈரமும் பூஞ்சையும்

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் லென்சுக்கு எண்ணெயைவிடப் பெரிய பகை ஈரம். மழைக்காலத்தில் மூடிய பெட்டியில் சில மாதங்கள் கிடந்த லென்சின் உள்ளே சிலந்திவலை போன்ற நூல்கள் படர்ந்திருப்பதைக் காணலாம். அது பூஞ்சை. லென்சின் மேலுள்ள மெல்லிய பூச்சை அது அரித்துவிடுவதால், நூல்களை நீக்கிய பின்னும் தடம் நிற்கும். தோலுறையும் துணி உள்ளிட்ட மரப்பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அவற்றில் நெடுநாள் வைக்கக்கூடாது.

தினமும் பயன்படும் நுண்ணோக்கியை மேசையிலேயே துணி உறையால் மூடி, காற்றோட்டமான அறையில் வைப்பது நல்லது. விடுமுறையில் அலமாரியில் வைப்பதானால், அலமாரியின் அடியில் சிறிய பழைய வகைக் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, உட்புறத்தை வெளியறையைவிடச் சற்று வெதுவெதுப்பாக வைக்கலாம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. போதிய வெப்பம் தராது. மின்சாரம் நம்பத்தகுந்ததாக இல்லாத இடத்தில் லென்சுகளை மட்டும் கழற்றி, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். லென்சு கழன்ற துளைகளைத் தூசி புகாமல் மூடியிட்டு அடைக்க வேண்டும். நீலநிறச் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பாக மாறும்; அடுப்பில் ஏறக்குறைய 110 முதல் 120 பாகை செல்சியசில் சில மணி நேரம் வைத்து நீலம் திரும்பியதும், ஆறவைத்து மீண்டும் டப்பாவில் போடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.